100 பேருக்குத்தான் ஆஃபர்... 101-வது ஆள் எப்படி உள்ளே வந்தார்? கூப்பன் கோடுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

2019 ஜனவரி 20, அதிகாலை. சீனாவின் பெரிய ஆன்லைன் ஷாப்பிங் தளங்களில் ஒன்றான பின்துவோதுவோவில் திடீரென்று ஒரு கூப்பன் பரவ ஆரம்பித்தது. 100 யுவான் தள்ளுபடி. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். குறைந்தபட்சம் இவ்வளவு வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சட்டை, செருப்பு வாங்கிக்கொண்டு இருக்கவில்லை. ஒரு யுவான்கூட செலவில்லாமல் 100 யுவானுக்கு மொபைல் ரீசார்ஜ் செய்துகொண்டார்கள். ரீசார்ஜ் உடனே கணக்கில் ஏறிவிடும். பார்சலைப் போல வழியில் நிறுத்தித் திரும்ப வாங்க முடியாது.

பல கோடி யுவான் மதிப்புள்ள கூப்பன்கள் திருடப்பட்டதாக நிறுவனமே அறிக்கை விட்டது. 2,000 கோடி யுவான் போய்விட்டது என்று பரவிய வதந்தியை மறுத்தது. போலீஸில் புகார் கொடுத்தது. அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: 'காலாவதியான கூப்பன்'. எப்போதோ ஒரு டிவி நிகழ்ச்சிக்காகத் தற்காலிகமாக உருவாக்கிய கூப்பன் அது. நிகழ்ச்சி முடிந்தது. கூப்பன் முடியவில்லை.

ஆப்பில் நாம் தினமும் பார்க்கும் 'அப்ளை கூப்பன்' பெட்டி ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். ஒரு வார்த்தையை டைப் செய்கிறோம், தொகை குறைகிறது. ஆனால் அதை உருவாக்குபவர் மூன்று கேள்விகளுக்குச் சரியான பதில் எழுத வேண்டும். எப்போது முடிகிறது? எத்தனை பேருக்கு? வேறு தள்ளுபடியோடு சேருமா? இந்த மூன்றும் எங்கே சறுக்கும், எப்படிச் சரியாக எழுதுவது என்று ஒரு சின்னக் கடையை வைத்துப் பார்க்கலாம்.

கற்பனைக் கடை, நிஜக் கணக்கு

வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொந்தமாக ஒரு ஆர்டர் ஆப் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். ஹாஸ்டலிலும் வாடகை ரூமிலும் தங்கியிருப்பவர்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒரே நேரத்தில் ஆர்டர்கள் குவியும். கடைக்காரர் இரண்டு கூப்பன்கள் விடுகிறார்.

முதலாவது `SHIFT50`. 200 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 50 ரூபாய் தள்ளுபடி. முதல் 100 ஆர்டர்களுக்கு மட்டும், ஒரு நபருக்கு ஒரு முறை.

இரண்டாவது `PONGAL20`. மொத்தத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 80 ரூபாய். 2026 ஜனவரி 17, காணும் பொங்கல் அன்றோடு முடியும்.

ஒரு ஆர்டருக்கு இரண்டில் ஒன்றுதான். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஒவ்வொன்றாக எடுப்போம்.

'17-ஆம் தேதி வரை' என்றால் எத்தனை மணி வரை?

கடைக்காரர் சொல்வது '17-ஆம் தேதி வரை'. அவர் மனசில் இருப்பது 17-ஆம் தேதி ராத்திரி 12 மணி. ஆப் எழுதுபவர் அதை வெறும் `2026-01-17` என்று தேதியாக மட்டும் சேமித்தால், கம்ப்யூட்டர் அதை 17-ஆம் தேதி தொடங்கும் நொடி என்று எடுத்துக்கொள்ளும். காணும் பொங்கல் அன்று முழுக்கக் கூப்பன் வேலை செய்யாது. அன்றைக்குத்தான் கூட்டமே வரும்.

சரி, `2026-01-17 23:59:59` என்று போட்டால்? இங்கே இன்னொரு சிக்கல். பெரும்பாலான சர்வர்கள் உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசி-யில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நேர மண்டலம் குறிப்பிடாமல் சேமித்தால், சர்வர் அதை யுடிசி என்று படிக்கும். அப்போது நம் ஊர்க் கணக்கில் கூப்பன் முடிவது 18-ஆம் தேதி காலை 5:29:59. நைட் ஷிப்ட் பிரேக்கில் ராத்திரி 2 மணிக்கு ஆர்டர் போடுகிறவருக்கும் தள்ளுபடி கிடைக்கும்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. முடிந்துபோன கூப்பன் ராத்திரி 12-க்கும் காலை 5:30-க்கும் இடையில் மட்டும் வேலை செய்கிறது என்றால், வேறெதையும் தேட வேண்டாம். பிழை நேர மண்டலத்தில்தான்.

தீர்வு: முடியும் நேரத்தை 'கடைசி நொடி' என்று வைக்காமல், 'இந்த நொடியிலிருந்து செல்லாது' என்று வையுங்கள். கூடவே நேர மண்டலத்தையும் எழுதுங்கள். `2026-01-18 00:00:00+05:30` என்று போட்டால் யாருக்கும் குழப்பம் வராது. ஆரம்ப நேரத்துக்குச் சமமாகவோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும், முடிவு நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. 23:59:59-க்கும் 00:00:00-க்கும் நடுவில் விட்டுப்போகும் அந்த ஒரு நொடிப் பிரச்சினையும் இதோடு தீரும்.

இன்னொன்று. நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது? போன் கடிகாரத்தை நம்பவே கூடாது. செட்டிங்ஸில் போய் தேதியை இரண்டு நாள் பின்னால் தள்ள அரை நிமிஷம் போதும். போனில் 'இன்னும் 3 மணி நேரம்' என்று கவுன்ட்டவுன் காட்டலாம், அது அழகுக்கு. முடிவு எடுப்பது எப்போதும் சர்வர் கடிகாரம்தான்.

கூப்பன் முடிந்ததா என்று பார்க்க வேண்டிய இடம் 'அப்ளை' பொத்தான் அல்ல, 'ஆர்டர் செய்' பொத்தான். மாலை 4 மணிக்கு அப்ளை செய்துவிட்டுக் கார்ட்டை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் வந்து பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அப்ளை செய்தபோது கிடைத்த 'ஓகே'வை ஆப் நினைவில் வைத்திருந்து அதையே நம்பினால், முடிந்த கூப்பன் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

காகித டோக்கனுக்குத் தெரிந்தது ஆப்புக்குத் தெரியவில்லை

'முதல் 100 பேருக்கு ஒரு ரூபாய் பிரியாணி' என்று கடைத் திறப்பு விழாக்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே டோக்கன் கொடுப்பார்கள். 100 காகிதம் அச்சடித்தால் 100 பேருக்குத்தான் கிடைக்கும். ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்த அதே கணத்தில் கட்டில் ஒன்று குறைந்துவிடும். கொடுப்பதும் குறைவதும் ஒரே செயல். 101-வது காகிதம் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஆப்பில் அப்படி இல்லை. அவசரமாக எழுதப்படும் கோடு பொதுவாக இப்படித்தான் வேலை செய்யும். முதலில் 'இதுவரை எத்தனை போயிருக்கு?' என்று டேட்டாபேஸில் கேட்கும். 99 என்று பதில் வரும். 100-க்குக் கீழேதானே இருக்கிறது என்று தள்ளுபடி கொடுக்கும். பிறகு எண்ணை 100 ஆக்கும்.

தனியாக ஒருவர் வந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறிய இரண்டு பேர் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தினால்? முதலாமவருக்காகக் கேட்டபோது 99. அதை 100 ஆக்குவதற்குள் இரண்டாமவருக்காகவும் கேட்டாயிற்று. அங்கேயும் 99. இருவருக்கும் தள்ளுபடி கிடைக்கும். இருவருமே எண்ணை 100 என்று எழுதுவார்கள். கடைசியில் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் 100 என்றே காட்டும். ஆனால் கொடுத்தது 101. எண் சரியாக இருப்பதுபோலத் தெரிவதுதான் இதில் மோசமான விஷயம். கல்லாவை எண்ணும்வரை யாருக்கும் தெரியாது.

இதற்கு 'ரேஸ் கண்டிஷன்' என்று பெயர். 2015-ல் எகோர் ஹோமகோவ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டார்பக்ஸ் கிஃப்ட் கார்டுகளில் இதைச் செய்து காட்டினார். ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு 5 டாலர் மாற்றும் கோரிக்கையை ஒரே நேரத்தில் இரண்டு முறை அனுப்பினார். இரண்டும் 'பணம் இருக்கிறதா?' என்று பார்த்தன. இரண்டுக்கும் 'இருக்கிறது' என்று பதில் வந்தது. ஒரே 5 டாலர் இரண்டு முறை போய்ச் சேர்ந்தது. கூப்பனும் கிஃப்ட் கார்டும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

அப்போ என்ன பண்றது? காகித டோக்கன் செய்வதையே செய்ய வேண்டும். பார்ப்பதையும் குறைப்பதையும் ஒரே செயலாக ஆக்க வேண்டும். கேட்டுவிட்டுப் பிறகு எழுதாமல், நிபந்தனையோடு சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்:

```sql
UPDATE coupons
SET used = used + 1
WHERE code = 'SHIFT50'
  AND used < max_uses
  AND starts_at <= now()
  AND now() < ends_at;
```

இதன் அர்த்தம்: 'எண்ணிக்கை இன்னும் எல்லையைத் தொடவில்லை, நேரமும் முடியவில்லை என்றால் மட்டும் ஒன்றைக் கூட்டு.' இதை ஓட்டியதும் எத்தனை வரிசைகள் மாறின என்று டேட்டாபேஸ் சொல்லும். 1 என்றால் தள்ளுபடி உண்டு. 0 என்றால் கிடையாது. இரண்டு பேர் ஒரே கணத்தில் வந்தாலும், முதலாமவர் முடிக்கும்வரை அந்த வரிசையை டேட்டாபேஸ் பூட்டி வைக்கும். அதற்குப் பிறகே இரண்டாமவருக்கு நிபந்தனையைப் புதிய எண்ணோடு மறுபடி சரிபார்க்கும். அப்போது 100 ஆகியிருக்கும். இரண்டாமவருக்கு 0.

காலாவதிச் சோதனையும் இதே வரிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். யாரோ பழைய கூப்பனை வேறு வழியில் கொண்டு வந்தாலும் இந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இதை எப்போது ஓட்டுவது என்பதும் முக்கியம். 'அப்ளை' அழுத்தியபோதே எண்ணைக் கூட்டினால், சும்மா விலை பார்த்துவிட்டுப் போகிறவர்களாலேயே 100-ம் தீர்ந்துவிடும். அப்ளை என்பது விலையைக் காட்டிப் பார்ப்பதற்கு மட்டும். எண்ணுவது 'ஆர்டர் செய்' அழுத்தும்போது.

ஒரு நபர் என்பது யார்?

`SHIFT50`-ஐ ஒருவர் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். 'ஒருவர்' என்பதை எதை வைத்து அடையாளம் காண்பது? ஓடிபி மூலம் உறுதிசெய்த மொபைல் நம்பர்தான் நம் ஊருக்கு நடைமுறையில் ஒத்துவரும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. `+91` போட்டு ஒரு முறை, `0` போட்டு ஒரு முறை, நடுவில் இடைவெளி விட்டு ஒரு முறை என்று ஒரே நம்பரை மூன்று விதமாக எழுதலாம். மூன்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

இங்கேயும் 'ஏற்கெனவே பயன்படுத்தினாரா?' என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு எழுதினால் அதே ரேஸ் கண்டிஷன் வரும். அதனால் பொறுப்பை டேட்டாபேஸிடமே விட்டுவிடலாம். கூப்பன் பயன்பாடுகளைப் பதியும் டேபிளில், ஒரே கூப்பனும் ஒரே நம்பரும் இரண்டு முறை வரக் கூடாது என்று ஒரு தடை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இப்படி எழுதலாம்:

```sql
CREATE UNIQUE INDEX one_per_phone
ON redemptions (coupon_id, phone)
WHERE status <> 'released';
```

எண்ணைக் கூட்டும் வரியும், பயன்பாட்டைப் பதியும் வரியும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும். நம்பர் ஏற்கெனவே இருந்தால் பதிவு தோற்கும். அதோடு சேர்ந்து கூட்டிய எண்ணும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்.

சிலர் இன்னும் கடுமையாகப் போக நினைப்பார்கள். ஒரே முகவரிக்கு ஒரு முறைதான், ஒரே ஐபி முகவரிக்கு ஒரு முறைதான் என்று. ஒரகடம் மாதிரி இடத்தில் அது நேர்மையான வாடிக்கையாளரைத்தான் அடிக்கும். ஒரு ஹாஸ்டலில் நூறு பேர் ஒரே முகவரியில், ஒரே வைஃபையில் இருப்பார்கள். மொபைல் டேட்டாவிலும் ஏராளமான சந்தாதாரர்கள் ஒரே ஐபி-யைப் பகிர்ந்துகொள்வது சாதாரணம். முதல் ஆள் ஆர்டர் செய்ததும் மீதி 99 பேருக்கும் 'நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்கள்' என்று வரும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டு முறை வாங்குவாரே? வாங்குவார். அதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் மொத்த எல்லை 100 என்பது உறுதியாக நிற்பதால், கடைக்காரரின் நஷ்டம் 5,000 ரூபாயைத் தாண்டாது. ஆளுக்கு ஒரு முறை என்பது நியாயத்துக்கான விதி. மொத்தம் 100 என்பது கல்லாவுக்கான விதி. இரண்டாவது ஒருபோதும் உடையக் கூடாது.

யுபிஐ 'பெண்டிங்'கில் நின்றால்?

ஆர்டர் அழுத்தியாயிற்று, எண் கூட்டியாயிற்று, யுபிஐ 'பெண்டிங்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கூப்பன் பயன்பட்டதா, இல்லையா?

இதற்கு மூன்று நிலைகள் வேண்டும். ஆர்டர் போட்டதும் `reserved`, அதாவது ஒதுக்கி வைத்திருக்கிறோம். பணம் வந்ததும் `used`. பணம் தோற்றாலோ, பத்து நிமிஷம் போல ஒரு கெடு தாண்டினாலோ `released`, அதாவது விட்டுக்கொடுத்தாயிற்று. 11:58-க்கு ஆர்டர் போட்டு 12:03-க்குப் பணம் ஏறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இதுவே பதில். ஒதுக்கிய நேரத்தில் கூப்பன் உயிரோடு இருந்தது, அதனால் விலை அப்படியே நிற்கும்.

விட்டுக்கொடுக்கும்போது கவனம் தேவை. 'பேமென்ட் ஃபெயில்' என்ற தகவலை பேமென்ட் கேட்வே இரண்டு முறை அனுப்பக்கூடும். இரண்டு முறையும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால், நூறு கூப்பன் நூற்றொன்று ஆகிவிடும். எனவே இதையும் நிபந்தனையோடுதான் எழுத வேண்டும்:

```sql
UPDATE redemptions SET status = 'released'
WHERE id = 8841 AND status = 'reserved';
```

ஒரு வரிசை மாறியிருந்தால் மட்டும் `used` எண்ணிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். இரண்டாவது தகவல் வரும்போது நிலை ஏற்கெனவே மாறியிருப்பதால் 0 வரும், எதுவும் நடக்காது.

கெடு முடிந்து விட்டுக்கொடுத்த பிறகு, அரை மணி நேரம் கழித்துப் பணம் வந்து சேர்ந்தால்? வாடிக்கையாளர் தன் ஸ்கிரீனில் பார்த்த தொகையைத்தான் கட்டியிருக்கிறார். 'இன்னும் 50 ரூபாய் கொடுங்க' என்று கேட்பது நியாயமில்லை. ஆர்டரை அந்த விலைக்கே ஏற்றுக்கொண்டு, எல்லையைப் பார்க்காமல் எண்ணை ஒன்று கூட்டுங்கள். 101 என்று காட்டினாலும் பரவாயில்லை. தெரிந்து கொடுத்த 101 அது, கணக்கிலும் இருக்கிறது. அதற்குள் அதே நம்பர் இன்னொரு ஆர்டருக்குக் கூப்பனைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும், அதைக் கடைக்காரர் நேரில் பார்த்து முடிவெடுக்கும்படி தனியாக ஒதுக்கி வைத்தால் போதும்.

இரண்டு தள்ளுபடி சேர்ந்தால் எது முதலில்?

400 ரூபாய்க்கு ஒரு ஆர்டர். இரண்டு கூப்பனையும் ஒன்றாகப் போட விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதலில் 50 கழித்து, மீதி 350-ல் 20 சதவீதம் கழித்தால் 280. முதலில் 20 சதவீதம் கழித்து, பிறகு 50 கழித்தால் 270. அதே கூப்பன்கள், அதே சாப்பாடு, பத்து ரூபாய் வித்தியாசம். எந்த வரிசையில் கழிப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்றால், வாடிக்கையாளர் எதை முதலில் டைப் செய்தாரோ அதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

அதனால்தான் பலர் 'ஒரு ஆர்டருக்கு ஒரு கூப்பன்' என்று வைக்கிறார்கள். அதையும் ஆப்பின் திரையில் மட்டும் தடுத்தால் போதாது. முன்பு நம்பருக்குச் செய்ததுபோல `order_id`-க்கும் ஒரு தடை போட்டுவிட்டால், எந்த வழியில் வந்தாலும் இரண்டாவது கூப்பன் ஏறாது:

```sql
CREATE UNIQUE INDEX one_per_order
ON redemptions (order_id)
WHERE status <> 'released';
```

ஆனால் தள்ளுபடி மேல் தள்ளுபடி பெரும்பாலும் இரண்டு கூப்பன் வழியாக வருவதில்லை. ஏற்கெனவே விலை குறைத்து வைத்திருக்கும் பொருள் வழியாகச் சத்தமில்லாமல் வருகிறது. நம் 400 ரூபாய் ஆர்டரில் 160 ரூபாய் 'காம்போ ஆஃபர்' என்று வைத்துக்கொள்வோம். அதன் அசல் விலை 200, ஏற்கெனவே 40 குறைத்தாயிற்று. அதன் மேலும் 20 சதவீதம் போனால் கடைக்காரர் அந்தத் தட்டில் 128 ரூபாய்தான் பார்ப்பார்.

இதைத் தடுக்க, கூப்பன் கணக்கை மொத்தத் தொகையில் போடாமல், தள்ளுபடி இல்லாத பொருள்களின் தொகையில் மட்டும் போட வேண்டும். இங்கே அது 240 ரூபாய். இப்போது கணக்கே மாறுவதைப் பாருங்கள். முழு 400-க்கும் என்றால் `PONGAL20` தருவது 80, `SHIFT50` தருவது 50. 240-க்கு மட்டும் என்றால் `PONGAL20` தருவது 48, `SHIFT50` தருவது 50. அதாவது வாடிக்கையாளருக்கு இப்போது லாபம் `SHIFT50`-தான். எது அதிக லாபமோ அதை ஆப்பே தேர்ந்தெடுத்துக் காட்டினால், 'அந்தக் கூப்பனைப் போட்டிருக்கலாமே' என்ற வருத்தம் யாருக்கும் வராது.

இந்த விதியை வாடிக்கையாளருக்குப் புரியும்படி திரையில் சொல்வதும் வேலையின் பகுதிதான். 'கூப்பன் செல்லாது' என்று மட்டும் காட்டினால் அவர் நான்கு முறை டைப் செய்து பார்த்துவிட்டுக் கடைக்கு போன் போடுவார். 'காம்போவுக்கு இந்தக் கூப்பன் சேராது, மீதி 240 ரூபாய்க்குக் கணக்கிட்டிருக்கிறோம்' என்று காட்டினால் விஷயம் அங்கேயே முடிந்தது.

இன்னொரு பழைய தந்திரமும் உண்டு. 400 ரூபாய்க்குச் சேர்த்துக் கூப்பனைப் போட்டுவிட்டு, பிறகு பொருள்களை எடுத்துவிட்டு 100 ரூபாய் ஆர்டரில் 50 தள்ளுபடியைத் தக்கவைத்துக்கொள்வது. கார்ட்டில் எதைத் தொட்டாலும் கூப்பன் கணக்கை முதலிலிருந்து போட்டால் இது நடக்காது. தள்ளுபடித் தொகையைப் போன் அனுப்பக் கூடாது. போன் அனுப்ப வேண்டியது பொருள்களும் கூப்பன் பெயரும் மட்டும். தொகையைச் சர்வர் போடும்.

சரியாக எழுதியிருக்கிறோமா? எப்படித் தெரியும்?

எழுதியவரே ஒரு போனில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். ரேஸ் கண்டிஷன் ஒரு விரலுக்கு அகப்படாது. அதற்கு ஒரு சோதனைக் கூப்பன் போட்டு, எல்லையை 1 என்று வைத்து, 50 வெவ்வேறு நம்பர்களிலிருந்து ஒரே நேரத்தில் ஆர்டர் கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். சரியாக ஒன்று மட்டும் வெற்றி பெற வேண்டும். இரண்டு வந்தாலே கோடு ஓட்டை. பிறகு எல்லையை 100 ஆக்கி, ஒரே நம்பரிலிருந்து 50 கோரிக்கைகள். அங்கேயும் விடை ஒன்றுதான்.

கூப்பன் வெளியான பிறகு தினமும் ஓட்ட வேண்டிய கணக்குச் சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது. எண்ணிக்கைப் பெட்டியில் இருக்கும் எண்ணும், உண்மையில் பதிவான பயன்பாடுகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது:

```sql
SELECT c.code, c.used, count(r.id)
FROM coupons c LEFT JOIN redemptions r
  ON r.coupon_id = c.id
 AND r.status <> 'released'
GROUP BY c.id, c.code, c.used
HAVING c.used <> count(r.id);
```

பதில் காலியாக வர வேண்டும். ஏதாவது ஒரு கூப்பன் பெயர் வந்தால், எங்கோ கொடுத்தது ஒன்று, எழுதியது ஒன்று.

கடைசியாக, கூப்பன் உருவாக்கும் பக்கத்திலேயே இரண்டு பெட்டிகளைக் கட்டாயமாக்கிவிடலாம். முடியும் நேரம் இல்லாமல் சேமிக்க முடியாது. மொத்த எல்லை இல்லாமலும் சேமிக்க முடியாது. இரண்டையும் நிரப்பியதும், 'இந்தக் கூப்பனால் அதிகபட்சம் எவ்வளவு போகும்' என்று திரை காட்டட்டும். `SHIFT50`-க்கு 100 பெருக்கல் 50, அதாவது 5,000 ரூபாய். `PONGAL20`-க்கு நாம் மேலே மொத்த எல்லை சொல்லவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு ஆர்டருக்கு 80 ரூபாய்தான் என்றாலும், எத்தனை ஆர்டர் என்று தெரியாதவரை அந்தக் கணக்குக்கு விடை கிடையாது. 500 என்று எல்லை போட்டால் 40,000 ரூபாய். அது கட்டுப்படியாகுமா என்று கடைக்காரர் பொங்கலுக்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளலாம்.